'யோசிச்சுச் சொல்றோம்' என்ற பிறகு

"சும்மாதான் கூப்பிட்டேன் சார். டெமோ விஷயம் ஏதாவது முடிவாச்சா?"

இப்படி எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. குடோன் ஸ்டாக்கைக் கணக்கு வைக்கும் மென்பொருளை விற்பதுதான் என் வேலை. ரேக்கில் இருக்கும் சரக்கின் பார்கோடை ஒரு கைக்கருவியால் ஸ்கேன் செய்தால், எது எங்கே எவ்வளவு இருக்கிறது என்று திரையில் வந்துவிடும். டெமோவில் எல்லோருக்கும் பிடிக்கும். தலையாட்டுவார்கள், "நல்லா இருக்கே" என்பார்கள், வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். அதற்கப்புறம்தான் கிணற்றில் போட்ட கல்.

ஆரம்ப வருடங்களில் ஒரு வாடிக்கையாளரை நான் விரட்டிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். டெமோ முடிந்த அன்றே நாற்பது பக்க பி.டி.எஃப். ஒன்றை அனுப்பினேன். மூன்று நாளுக்கு ஒருமுறை போன். மாதக் கடைசியில் "31-ஆம் தேதிக்குள் ஆர்டர் கொடுத்தால் பத்து சதவீதம் குறைத்துத் தருகிறோம்" என்று ஒரு மெயில். 31 போனது, ஆர்டர் வரவில்லை. அடுத்த மாதம் 4-ஆம் தேதி அதே பத்து சதவீதத்தை நானே மறுபடி கொண்டுபோய் நீட்டினேன். அந்தக் கெடு பொய் என்பதை என் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவர் போனை எடுக்கவில்லை. வேறு யாரிடமாவது வாங்கியிருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் கழித்து அங்கே வேலை பார்த்த ஒருவரைச் சந்தித்தபோதுதான் தெரிந்தது, யாரிடமும் வாங்கவில்லை, பழைய எக்செல் ஷீட்டோடுதான் ஓட்டுகிறார்களாம். நான் தோற்றது போட்டிக் கம்பெனியிடம் இல்லை, அந்த எக்செல் ஷீட்டிடம்.

அதை யோசித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. முடிவு எடுக்கப்படும் அறையில் நான் இருக்கப்போவதில்லை. டெமோ பார்த்த ஒருவர், பார்க்காத இன்னொருவரிடம் எனக்காகப் பேச வேண்டியிருக்கும். அவர் கையில் நான் கொடுத்திருந்தது நாற்பது பக்கமும் ஒரு பொய்க் கெடுவும். "முடிவாச்சா?" என்ற என் போன் அவருடைய வேலையில் ஒரு துளியைக்கூடக் குறைக்கவில்லை. முடிக்காமல் வைத்திருக்கும் ஒரு வேலையை நினைவுபடுத்தி அவரைச் சங்கடப்படுத்தியதுதான் மிச்சம்.

இப்போது நான் செய்யும் விதத்தைச் சமீபத்திய ஒரு விற்பனையை வைத்துச் சொல்கிறேன். மூன்று குடோன் வைத்திருக்கும் ஒரு விநியோக நிறுவனம். டெமோவுக்கு நான்கு பேர் வந்தார்கள்: எம்.டி., அக்கவுண்ட்ஸ் மேனேஜர், பெரிய குடோனின் ஸ்டோர் கீப்பர், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். எம்.டி. இருபது நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். பேசப்போகிறவர் அக்கவுண்ட்ஸ் மேடம்தான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு மணி நேர டெமோ என்றால் ஐம்பதாவது நிமிடத்தில் திரையை மூடிவிடுவேன். இன்னும் காட்ட வேண்டியது இருந்தாலும் சரி. அந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான் ஃபாலோ-அப்பின் ஆரம்பம். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நான் கேட்பது: "இதுல எது உங்க இடத்துக்கு ஒத்துவராதுன்னு தோணுது?"

ஸ்டோர் கீப்பர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "பின்பக்கம் கடைசி மூணு ரேக்ல சிக்னல் வராது சார். அங்க இது என்ன ஆகும்?"

"நெட் இல்லாட்டியும் வேலை செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவர் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து மேடத்திடம் கேட்டேன்: "இந்த மாதிரி ஒன்னு இதுக்கு முன்னாடி கடைசியா எப்ப வாங்கினீங்க? அப்ப யார் யார் பார்த்து, எப்படி முடிவாச்சு?" "இதை எப்ப வாங்குவீங்க?" என்பது எதிராளியை மூலைக்குத் தள்ளும் கேள்வி. நடந்து முடிந்ததைக் கேட்டால் யாருக்கும் கூச்சமில்லை. அவர் சரளமாகச் சொன்னார். முன்பு பில்லிங் மென்பொருள் வாங்கியபோது எம்.டி. ஒரே ஒரு பக்கம்தான் கேட்டாராம். எவ்வளவு செலவு, என்ன மிச்சம், எது தப்பாகப் போகலாம், அவ்வளவுதான். முடிவு வர ஆறு வாரம் ஆனதாம். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார்: ஆண்டுக் கணக்கெடுப்புக்கு இன்னும் 14 வாரம் இருக்கிறது, போன வருடம் அதற்காக இரண்டு நாள் குடோனையே மூட வேண்டியிருந்தது.

கிளம்புவதற்கு முன்பே அடுத்த பேச்சுக்கு நாளும் நேரமும் இருவர் நாட்காட்டியிலும் ஏறிவிட்டது. எத்தனை நாளுக்கு ஒருமுறை ஃபாலோ-அப் செய்யலாம் என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்பார்கள். பேசிவைத்த நாள் இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அந்த நாளில் கூப்பிடுவதைத் தொந்தரவாக யாரும் நினைப்பதில்லை, கூப்பிடாவிட்டால்தான் தப்பு.

அன்று மாலையே ஒரு மெயில் போட்டேன். பேச்சின் சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டும், செல்போன் திரையில் ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"வணக்கம் மேடம். இன்று நீங்கள் சொன்னதில் நான் புரிந்துகொண்டது: கணக்கெடுப்புக்காக வருடத்தில் இரண்டு நாள் குடோன் மூடப்படுகிறது, அப்படியும் எண்ணிக்கை புத்தகத்தோடு ஒத்துப்போவதில்லை, வித்தியாசம் எங்கே வந்தது என்று தேட உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் ஆகிறது. தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்.

பதில் சொல்லப்படாமல் நிற்பவை இரண்டு. பழைய டேட்டாவை யார் மாற்றித் தருவது? நாளை மாலைக்குள் எழுதுகிறேன். சிக்னல் இல்லாத ரேக்குகளில் என்ன ஆகும்? இன்று நான் சொன்ன பதில் போதாது. எங்கள் டெக்னிக்கல் ஆட்களிடம் சோதித்துவிட்டு வியாழக்கிழமை சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை 11 மணிக்குப் பேசுகிறோம். அதற்குள் இது உங்களுக்குச் சரிவராது என்று தோன்றினால் ஒரு வரி எழுதினால் போதும். விளக்கம் கேட்டு நச்சரிக்க மாட்டேன்."

இதில் மென்பொருளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் பத்தி முழுக்க அவருடைய வார்த்தைகள். அதை அப்படியே எம்.டி.க்கு ஃபார்வர்ட் செய்யலாம் என்பதற்காகத்தான் அப்படி எழுதுவது. கடைசி வரியைப் பார்த்து எங்கள் மேனேஜர் இன்றைக்கும் முகம் சுளிப்பார், "நீயே கதவைத் திறந்துவிட்டு போகச் சொல்றியே" என்பார். கதவு எப்போதுமே திறந்துதான் இருக்கிறது. முன்பெல்லாம் ஓசைப்படாமல் போனார்கள், இப்போது சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொல்லிவிட்டுப் போகிறவரிடம் காரணமாவது கேட்டுக்கொள்ளலாம்.

இனி அந்த சிக்னல் விஷயம். டெக்னிக்கல் ஆட்களிடம் இரண்டு கைக்கருவிகளை நெட் இல்லாமல் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஸ்கேன் செய்தது கருவியிலேயே தங்கியிருந்து, சிக்னல் வந்ததும் ஏறிவிடுகிறது. இதுவரை நான் சொன்னது சரிதான். ஆனால் இரண்டு பேர் ஒரே ரேக்கை நெட் இல்லாத நேரத்தில் எண்ணினால், யாருடையது பிந்தி ஏறுகிறதோ அந்த எண்ணிக்கைதான் நிற்கும், முன்னதன் மேல் எழுதிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. ஸ்டோர் கீப்பருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது, அது எனக்கே அன்றுதான் தெரியும்.

இதை மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. வியாழக்கிழமை அவருக்கே போன் போட்டு, நடந்ததை அப்படியே சொன்னேன். சுற்றிவர ஒரு வழியும் இருந்தது: எந்த ரேக் யாருக்கு என்று கருவியிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டால், மற்றவர் அந்த ரேக்கைத் திறக்கவே முடியாது. "அது பரவாயில்ல, இப்பவே அப்படித்தான் ஆள் பிரிச்சு எண்ணுறோம்" என்றார். பிறகு தானாகவே, "முன்னாடி ஒரு மெஷின் வாங்கினாங்க, ஒரு நாள் எண்ணினது பூரா போச்சு, பழி என் மேல வந்துச்சு" என்று சொன்னார். டெமோவில் எல்லோர் முன்னாலும் அவர் கேட்ட கேள்வி தொழில்நுட்பக் கேள்வி மாதிரிதான் இருந்தது. அதன் அடியில் இருந்தது இந்தக் கதை. நான் "வேலை செய்யும்" என்று ஒரே சொல்லில் தாண்டிப் போனதோடு விட்டிருந்தால், மேடம் அவரிடம் கருத்துக் கேட்கும் நாளில் "வேண்டாம்" என்று சொல்லியிருப்பார். எனக்குக் காரணமே தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மேடம் டிரையல் கேட்டார். டிரையல் கேட்டால் சந்தோஷப்பட வேண்டாம் என்பது என் கருத்து. 'ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க' என்று கொடுக்கிற டிரையலில் முதல் வாரத்துக்கு மேல் யாரும் உள்ளேகூடப் போகமாட்டார்கள், மாதக் கடைசியில் "இன்னும் கொஞ்சம் டைம் வேணும்" என்பார்கள். என்ன பார்த்தால் போதும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளாததுதான் காரணம். அதனால் சிறியதாக வைத்தோம்: சிக்னல் வராத ஒரு ரேக்கும் வருகிற ஒரு ரேக்கும், மொத்தம் 200 பொருள், பத்து நாள். முதலில் பழைய முறையில் எண்ணி நேரத்தைக் குறித்துக்கொள்வது. இரண்டு பேருக்கு 3 மணி 20 நிமிடம் ஆனது. புதிய முறையில் அதில் பாதி, அதாவது 1 மணி 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எண்ணியதில் ஏதாவது 20 பொருளை மேடமே கையால் மறுபடி எண்ணிப் பார்ப்பார், ஒன்றுக்கு மேல் தப்பு இருக்கக் கூடாது. ஸ்டோர் கீப்பருக்காக ஒரு வரியும் சேர்த்தோம்: நெட் இல்லாமல் எண்ணியதில் ஒரு பதிவு தொலைந்தாலும் டிரையலை அங்கேயே நிறுத்திவிடலாம், மேற்கொண்டு பேச்சில்லை.

தோற்றால் என்ன என்பதையும் எழுதுவது விற்பவனுக்கு வயிற்றைக் கலக்குகிற வேலைதான். ஆனால் அந்த வரி இருந்ததால்தான் ஸ்டோர் கீப்பர் மனம்வைத்து உட்கார்ந்தார்.

முதல் நாள் சொதப்பல். 200-இல் 31 பொருளுக்கு லேபிள் கிழிந்திருந்தது, அல்லது இல்லவே இல்லை. ஒவ்வொன்றாகப் பெயரைத் தட்டிக் கண்டுபிடித்து எண்ணியதில் 2 மணி 50 நிமிடம். அன்று மாலை மேடத்துக்கு நானே அந்த எண்ணை அனுப்பினேன், காரணத்தோடு. நல்ல செய்தியை மட்டும் அனுப்புகிறவன் மௌனமாக இருந்தால் கெட்ட செய்தி என்று அர்த்தமாகிவிடும். லேபிள் ஒட்டிய பிறகு மூன்றாவது முறை எண்ணியதில் 1 மணி 15 நிமிடம். மறுபடி எண்ணிய 20-இல் ஒன்றில் தப்பு. பதிவு எதுவும் தொலையவில்லை.

அந்த 31 லேபிள்தான் அடுத்த கட்டத்துக்கு உதவியது. ஒரு குடோன் முழுக்க லேபிள் ஒட்ட எவ்வளவு நாள் ஆகும் என்று ஸ்டோர் கீப்பர் கணக்குப் போட்டார், மூன்று வாரம் என்றார். அதை வைத்து ஆண்டுக் கணக்கெடுப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரம் ஒத்திகை. அதற்கு முன் ஒரு வாரம் பயிற்சி. அதற்கு முன் மூன்று வாரம் லேபிள். அதற்கும் முன்னால் பொருள் பட்டியலைச் சுத்தம் செய்ய இரண்டு வாரம். ஆக ஏழு வாரம். 14-இல் ஏழு போனால், டெமோ நாளிலிருந்து ஏழாவது வாரக் கடைசிக்குள் முடிவு வந்தால் இந்தக் கணக்கெடுப்புக்கு உதவும். இல்லாவிட்டால் அடுத்த வருடக் கணக்கெடுப்புக்குத்தான்.

இதை மேடத்திடம் சொன்னபோது கூடவே இன்னொன்றும் சொன்னேன்: "தள்ளிப்போனாலும் இந்த வருஷத்துக்குள்ள விலை இதேதான் மேடம், அதை நினைச்சு அவசரப்பட வேண்டாம்." இதுவும் கெடுதான். ஆனால் நான் வைத்த கெடு இல்லை, அவர் வீட்டு நாட்காட்டியிலேயே இருந்தது. அந்த 31-ஆம் தேதியை நான் கண்டுபிடித்தேன், இந்தத் தேதியை அவர்தான் சொன்னார்.

எம்.டி.க்கான அந்த ஒரு பக்கத்தை மேடமும் நானும் சேர்ந்து எழுதினோம். நான் வரைவு கொடுத்தேன், அவர் பாதியை அடித்துவிட்டுத் தன் நடையில் மாற்றினார். அடித்தது நல்லது; அவர் எழுதியதைத்தான் அவரால் தாங்கிப் பேச முடியும். 'ஒன்றும் வாங்காமல் இப்படியே தொடர்ந்தால்' என்று ஒரு பத்தி வைத்தோம், இரண்டு நாள் மூடலையும் ஒரு வாரத் தேடலையும் அவர்களே கணக்கிட்ட செலவோடு. 'எது தப்பாகப் போகலாம்' என்ற இடத்தில் ஒரே ரேக்கை இருவர் எண்ணும் பிரச்சினையையும், மூன்று வார லேபிள் வேலையையும் மறைக்காமல் போட்டோம்.

அப்புறம் மௌனம். திங்கட்கிழமை எம்.டி.யிடம் பேசிவிட்டுச் செவ்வாய் கூப்பிடுவதாகச் சொன்ன மேடம் கூப்பிடவில்லை. புதன் மாலை வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அந்த ஒரு பக்கத்தை மெயிலில் யார் எத்தனை முறை திறந்தார்கள் என்று காட்டும் கருவியும் எங்களிடம் உண்டு. அன்று ஆறு முறை என்று காட்டியது. இதை நம்பி ஏமாந்திருக்கிறேன். பல நிறுவனங்களில் வைரஸ் பார்க்கும் மென்பொருளே மெயிலை முதலில் திறந்துவிடும். எண்ணிக்கையில் அதுவும் சேரும். அப்படியே மனிதர்தான் திறந்தார் என்றாலும், "நீங்க பார்த்தது தெரியுது மேடம்" என்று சொல்வது வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு அதை வீட்டுக்காரரிடமே சொல்வது போல.

ஸ்டோர் கீப்பருக்குப் போன் போட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கலாம். சொல்லியிருப்பார். மேடத்துக்குத் தெரிந்தால் அன்றோடு நம்பிக்கை போயிருக்கும். எம்.டி.க்கு நேராக எழுதுவதும் அதே கணக்குதான்.

நாள் சொன்னவர் சொன்ன நாளில் பேசவில்லை என்றால் ஏதோ மாறியிருக்கிறது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போடுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அப்போது என் வேலை அவர் சொல்வதை எளிதாக்குவது. ஆறு வேலை நாள் கழித்து எழுதினேன்: "மேடம், திங்கட்கிழமைப் பேச்சில் ஏதாவது மாறியிருக்கலாம் என்று நினைக்கிறேன். இப்போது வேண்டாம் என்று முடிவானாலும், பேசியதைவிடச் சின்னதாக ஆரம்பிக்கலாம் என்று முடிவானாலும் தயங்காமல் சொல்லுங்கள். இரண்டில் எதுவானாலும் அந்த ஏழு வாரத் திட்டத்தை அதற்குத் தகுந்த மாதிரி நான் மாற்றி எழுதித் தருகிறேன்."

அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். "உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. மூணு குடோனுக்கும்னு இவ்வளவு உழைச்சிட்டீங்க. எம்.டி. இப்போதைக்கு ஒன்னு மட்டும் போதும்னு சொல்றார்."

இவ்வளவுதான் விஷயம். மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்ததை என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் அத்தனை நாள் மௌனம். நான் "முடிவாச்சா?" என்று மூன்று போன் போட்டிருந்தால் அந்தக் கூச்சம் மூன்று மடங்காகியிருக்கும். விலையைக் குறைக்கிறேன் என்று ஓடியிருந்தால் அதைவிட மோசம். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

பெரிய குடோனுக்கு மட்டும் திட்டத்தை மாற்றி எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஏழு வாரமும் அதற்காகப் போட்ட கணக்குதானே. ஆறாவது வாரக் கடைசியில் ஆர்டர் வந்தது. எங்கள் மேனேஜருக்கு அந்தக் காலாண்டுக் கணக்கில் இரண்டு குடோன் குறைந்ததில் வருத்தம்தான், என்னிடம் அதை மறைக்கவும் இல்லை.

இப்போது லேபிள் ஒட்டும் வேலை இரண்டாவது வாரத்தில் இருக்கிறது. பின்பக்க மூன்று ரேக்கையும் ஸ்டோர் கீப்பர் தன் பெயரிலேயே எழுதிவைத்துக்கொண்டார். மற்ற இரண்டு குடோன்களைப் பற்றி நான் இதுவரை வாயைத் திறக்கவில்லை. கணக்கெடுப்பு முடிந்து இரண்டாவது வாரம் புதன்கிழமை 11 மணிக்கு அதைப் பேசலாம் என்று நாட்காட்டி அழைப்பு ஒன்று வந்திருக்கிறது. அனுப்பியது மேடம்.